முப்பது நாளும் மூன்று பிடித்தமும்

மார்ச் மாதத்தில் தாம்பரம் வட்டாரத்து வங்கிக் கிளைகளுக்குள் போனால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். பாஸ்புக்கில் என்ட்ரி போட வந்த பெரியவரை மேனேஜர் அறைக்குள் அழைத்து உட்காரவைத்து, காபி வரவழைத்திருப்பார்கள். ரயில்வேயிலிருந்தும் விமானப்படையிலிருந்தும் அரசுப் பள்ளிகளிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள் செறிந்து வாழும் பகுதி இது. குரோம்பேட்டை, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், முடிச்சூர் என்று எங்கே திரும்பினாலும் முதிர்வுக்குக் காத்திருக்கும் எஃப்.டி.க்கள் இருக்கின்றன. நிதியாண்டு முடிவதற்குள் எட்டவேண்டிய இன்ஷூரன்ஸ் டார்கெட், காபி கொடுப்பவரின் தலைமேல் நிற்கிறது.

"சார், எஃப்.டி.யை அப்படியே ரென்யூ பண்ணா வட்டி கம்மி. இதுல போட்டீங்கன்னா எஃப்.டி. மாதிரியேதான், கூடவே ஒரு இன்ஷூரன்ஸும் வருது."

வீட்டுக்கு வரும் கனத்த உறையைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அது எஃப்.டி. இல்லை என்று தெரியும். ஏழு வருஷம், வருஷத்துக்கு ஒரு லட்சம் கட்டவேண்டிய ஆயுள் காப்பீட்டு பாலிசி அது. மகளோ மருமகனோ படித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். கிளைக்குப் போய்க் கேட்டால், "இப்ப நிறுத்தினா கட்டின பணம் போயிடும் சார்" என்ற பதில் வரும். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. முதல் முப்பது நாளுக்குள் அந்த வாக்கியம் பொய். கட்டின பணத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை வாடிக்கையாளரே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? பாலிசி பத்திரம் கைக்கு வந்த பிறகு படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு 'ஃப்ரீ லுக்' என்று பெயர். பழைய எல்.ஐ.சி. காகிதங்களில் 'கூலிங் ஆஃப்' என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஹைதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. 2002-லேயே இதற்கு 15 நாள் கொடுத்தது. பிறகு, ஆன்லைனிலோ போன் வழியாகவோ வாங்கிய பாலிசிக்கு மட்டும் 30 நாள் என்று ஆனது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய ஒழுங்குமுறை அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டது. காகிதமாக வந்தாலும் மின்னஞ்சலில் வந்தாலும், யார் விற்றிருந்தாலும் 30 நாள். இந்தக் காலத்தை ஒரு வருஷமாக்குவது பற்றி 2025 பிப்ரவரியில் டெல்லியிலிருந்து ஒரு பேச்சு வந்து வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒழுங்குமுறையில் எழுதியிருப்பது 30 நாள்.

ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் இது பொருந்தும். ஒரு வருஷத்துக்குக் குறைவான பாலிசிகளுக்குப் பொருந்தாது. இடையில் கிளெய்ம் எதுவும் செய்திருக்கக் கூடாது. காரணம் கேட்பார்கள், எழுதலாம். ஆனால் என்ன காரணம் எழுதினாலும் பணம் திரும்பக் கிடைக்கும் என்று விதியிலேயே இருக்கிறது. அதனால் "உங்க காரணம் சரியில்லை" என்று எந்த கவுன்டரிலும் திருப்பி அனுப்ப முடியாது.

இனி கணக்குக்கு வருவோம். நிறுவனம் பிடித்துக்கொள்ளக் கூடியவை மூன்றே மூன்று. காப்பு இருந்த நாட்களுக்கான ரிஸ்க் பிரீமியம், மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதற்கு ஆன செலவு, பத்திரத்துக்கான ஸ்டாம்ப் டியூட்டி. ஏஜென்டுக்குக் கொடுத்த கமிஷன், ஃபைல் சார்ஜ், ரத்துக் கட்டணம் என்று நாலாவதாக ஒன்று வந்தால், அது விதியில் இல்லாதது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ராஜகீழ்ப்பாக்கத்தில் 61 வயதுப் பெரியவர் ஒருவர், மேலே சொன்ன மாதிரி ஒரு லட்சம் கட்டி பாலிசி எடுத்திருக்கிறார். காப்புத் தொகை 10 லட்சம். காப்பு தொடங்கிய தேதி மார்ச் 5. பத்திரம் ஸ்பீட் போஸ்ட்டில் வீட்டுக்கு வந்தது மார்ச் 17. மகள் ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, ஏப்ரல் 10 அன்று ரத்துக் கடிதம் கொடுக்கிறார்.

இங்கே இரண்டு தேதிகள் தனித்தனி வேலை செய்கின்றன. பலரும் குழம்பும் இடம் இதுதான். உரிமை இருக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்வது பத்திரம் கைக்கு வந்த தேதி. மார்ச் 17-லிருந்து எண்ணினால் ஏப்ரல் 10 என்பது 24-வது நாள். ஏப்ரல் 16 வரை அவருக்கு நேரம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதற்கு எண்ணவேண்டியது காப்பு தொடங்கிய தேதியிலிருந்து. மார்ச் 5 முதல் ஏப்ரல் 10 வரை 36 நாள். அந்த 36 நாளில் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நிறுவனம் 10 லட்சத்துக்குப் பொறுப்பேற்றிருக்க வேண்டும். அந்தப் பொறுப்புக்கான விலைதான் ரிஸ்க் பிரீமியம்.

அந்த விலை கட்டிய பிரீமியத்தைப் பொறுத்தது அல்ல, வயதையும் காப்புத் தொகையையும் பொறுத்தது. அவர் கட்டிய ஒரு லட்சத்தில் பெரும்பகுதி சேமிப்புக்கும் நிறுவனத்தின் செலவுக்கும் போகிறது. உயிருக்கான காப்புக்குப் போவது சின்னப் பங்கு. இந்த வயதில் 10 லட்சத்துக்கு வருஷத்துக்கு 10,950 ரூபாய் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 30 ரூபாய். 36 நாளுக்கு 1,080 ரூபாய்.

ஸ்டாம்ப் டியூட்டி ஆயுள் காப்பீட்டுக்கு இந்தியா முழுக்க ஒரே அளவு. காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு 20 பைசா. 10 லட்சத்துக்கு 200 ரூபாய். மருத்துவப் பரிசோதனைக்கு லேப் பில் 1,500 ரூபாய் ஆனது என்போம். பரிசோதனையே நடக்கவில்லை என்றால் இந்த இடத்தில் பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.

மூன்றையும் கூட்டினால் 2,780. ஒரு லட்சத்தில் அதைக் கழித்தால் 97,220 ரூபாய் பெரியவரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். முன்பெல்லாம் பிரீமியத்தோடு ஜி.எஸ்.டி. வேறு கட்டியிருப்போம், அதில் எவ்வளவு திரும்பும் என்று ஒரு தனிச் சண்டை நடக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுவிட்டதால் அந்தத் தலைவலி விட்டது.

இந்தக் கணக்கில் நடக்கக்கூடிய பெரிய தவறு, ரிஸ்க் பிரீமியத்துக்குப் பதிலாக மொத்தப் பிரீமியத்தையே நாள் கணக்கில் பிரித்துக் கழிப்பது. ஒரு லட்சத்தை 365-ஆல் வகுத்து 36-ஆல் பெருக்கினால் 9,863 வருகிறது. 1,080 எங்கே, 9,863 எங்கே! பணம் வந்ததும் சந்தேகம் இருந்தால் இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிடித்த தொகை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் நின்றால், யாரோ சுலப வழியில் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிடித்தத்தின் விவரத்தைத் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். ரிஸ்க் பிரீமியம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு, லேப் பில் எவ்வளவு என்று அவர்கள் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

டேர்ம் பாலிசி எடுத்தவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது. அங்கே சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. பிரீமியத்தின் பெரும்பகுதி ரிஸ்க்குக்கே போகிறது, ஆகவே நாள் கணக்கில் பிரித்தால் ஏறக்குறைய சரியாகவே வரும். அங்கே ஆளை உலுக்குவது ஸ்டாம்ப் டியூட்டி. பெருங்களத்தூரில் வாடகைக்கு இருக்கும் 30 வயதுக்காரர் ஒரு கோடிக்கு டேர்ம் எடுத்து வருஷத்துக்கு 10,950 ரூபாய் கட்டியிருந்தால், ஆயிரத்துக்கு 20 பைசா என்ற அதே அளவில் ஸ்டாம்ப் டியூட்டி 2,000 ரூபாய் ஆகிவிடும். 20 நாள் காப்புக்கு 600, லேப் பில் 1,500 சேர்த்தால் 4,100 போய் 6,850 ரூபாய்தான் திரும்பும். "மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டிவிட்டார்கள்" என்று அவர் கொதிப்பார். கணக்கு சரிதான். மாதத் தவணையில் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக ஒரே ஒரு தவணை கட்டிவிட்டு ரத்து செய்தால், பிடித்தம் கட்டியதைத் தாண்டிவிடும், கையில் எதுவும் வராமலேயே போகலாம்.

யூலிப் வேறு ஜாதி. பங்குச் சந்தையோடு கட்டப்பட்ட பாலிசி என்பதால் இங்கே அந்த மூன்று பிடித்தத்தோடு சந்தையின் ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்கிறது. மெப்ஸ் வளாகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு லட்சம் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 3,000 ரூபாய் அலொகேஷன் சார்ஜ் என்று முதலிலேயே போய்விட்டது. மீதி 97,000-க்கு, யூனிட் விலையான என்.ஏ.வி. 20 ரூபாயாக இருந்தபோது, 4,850 யூனிட் கிடைத்தது. முதல் மாதச் சார்ஜாக 400 ரூபாய்க்கு 20 யூனிட்டை வெட்டினார்கள். அதில் உயிர்க் காப்புக்கான பங்கு 300, மீதி நிர்வாகச் செலவு. கையில் நிற்பது 4,830 யூனிட். இருபது நாள் கழித்து ரத்து கேட்கிறார், அன்றைக்கு என்.ஏ.வி. 19-க்கு இறங்கியிருக்கிறது.

ஆன்லைனில் ஃபண்ட் மதிப்பைப் பார்த்தால் 91,770 என்று காட்டும். அவ்வளவுதான் வரும் என்று நினைத்து மனம் உடைந்து, "சரி, ஏறட்டும், பார்க்கலாம்" என்று பாலிசியை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அங்கே நிற்கக் கூடாது. ஃப்ரீ லுக்கில் ரத்து செய்தால் அலொகேஷன் சார்ஜாகப் போன 3,000-மும், யூனிட் வெட்டி எடுத்த 400-ம் திரும்பச் சேர்க்கப்பட வேண்டும். ஆக 95,170. அதிலிருந்து 20 நாள் ரிஸ்க்குக்கு 200, பத்து லட்சம் காப்புக்கான ஸ்டாம்ப் டியூட்டி 200. மருத்துவப் பரிசோதனை இல்லை. வரவேண்டியது 94,770.

இழந்தது 5,230. அதில் 4,830 சந்தை கொண்டுபோனது, நிறுவனம் பிடித்தது 400 மட்டுமே. என்.ஏ.வி. 21-க்கு ஏறியிருந்தால் இதே ஆளுக்கு 1,04,430 வந்திருக்கும், ஏறின லாபமும் அவருடையதுதான். எந்த நாள் விலை என்பதால்தான் யூலிப்பில் கடிதம் கொடுத்த தேதி இன்னும் முக்கியமாகிறது. சந்தை சரிந்துகொண்டிருக்கும் வாரத்தில் கிளையில் யாராவது "திங்கள்கிழமை வாங்க" என்றால், அந்த மூன்று நாள் யார் பணத்தில் ஓடுகிறது என்று யோசிக்க வேண்டும்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் பணம் ஏன் பலருக்குத் திரும்புவதில்லை? கணக்குக்கு முன்னாலேயே காரியம் கெட்டுப்போவதால்தான்.

பாலிசி ரத்தானால் விற்றவருக்குக் கிடைத்த கமிஷனை நிறுவனம் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஆகவே விற்றவரிடமே போய் ரத்து செய்துதரச் சொல்வது அவர் பையிலிருந்து பணம் எடுத்துத்தரச் சொல்வது. அவர் மறுக்கமாட்டார். "கண்டிப்பா பண்ணிடலாம் அங்கிள், மேனேஜர் லீவுல இருக்காரு" என்பார். பிறகு "சிஸ்டம்ல ரிக்வெஸ்ட் போட்டிருக்கேன்" என்பார். நாள் 28, 29, 30 ஓடும். முப்பத்தொன்றாம் நாள் தொனி மாறும். வங்கிக் கிளையில் வாய்மொழியாகச் சொன்னதற்கும், ஏஜென்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கும் பின்னால் தகராறு வந்தால் இழுபறிதான். கடிதம் போகவேண்டியது பாலிசி பத்திரத்தின் முதல் பக்கங்களில் அச்சிட்டிருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும். தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ அந்த நிறுவனத்துக்கே கிளை இருந்தால், நேரில் கொடுத்து நகலில் தேதியோடு சீல் வாங்கிவிடுவது எல்லாவற்றிலும் உறுதி.

கிளைக்குப் போனால் இன்னொரு கண்ணி இருக்கிறது. "ரத்து பண்ணணும்" என்று சொன்னதும் எடுத்து நீட்டும் படிவத்தின் தலைப்பைப் படியுங்கள். அது சர்ரெண்டர் படிவமாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சர்ரெண்டர் என்பது நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியை நடுவில் நிறுத்துவது. 2024 அக்டோபருக்குப் பிந்தைய விதிகளில் வருஷப் பிரீமியம் பாலிசிகளுக்கு ஒரு முழு வருஷம் ஓடிய பிறகு ஏதோ ஒரு தொகை கிடைக்கிறது. முதல் மாதத்தில் சர்ரெண்டர் செய்தால் நம் பெரியவருக்குக் கிடைப்பது 97,220 அல்ல, பூஜ்யமாக இருக்கலாம். கடிதத்தின் பொருள் வரியிலேயே 'ஃப்ரீ லுக் கேன்சலேஷன்' என்று எழுதி, பாலிசி எண், பத்திரம் வந்த தேதி, பணம் போகவேண்டிய வங்கிக் கணக்கு இவற்றைக் குறிப்பிட்டு, கேன்சல் செய்த காசோலை ஒன்றை இணைத்தால் போதும். நீண்ட கதை வேண்டாம். எஃப்.டி. என்று சொல்லி விற்றார்கள் என்றால் அதை ஒரு வரியில் எழுதுங்கள், பிறகு பயன்படும்.

பத்திரம் வந்த தேதிதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர் என்பதால் தகராறுகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே நடக்கின்றன. தபாலில் வந்திருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதன்மேல் இருக்கும் ஸ்பீட் போஸ்ட் எண்ணை இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டால் எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தார்கள் என்று தெரியும். அந்தப் பக்கத்தை உடனே அச்செடுத்து வையுங்கள், கொஞ்ச நாளில் மறைந்துவிடும். மின்னஞ்சல் பாலிசிதான் இப்போதைய வழக்கம், அதில் சிக்கல் இன்னும் நுட்பமானது. மெயில் பார்க்காத பெரியவர்களின் விண்ணப்பத்தில் விற்றவர் தன்னுடைய மெயிலையோ, இல்லாத ஒரு மெயிலையோ எழுதிவிடுவது உண்டு. நிறுவனத்தின் பதிவேட்டில் பத்திரம் மார்ச் 6-ஆம் தேதியே 'டெலிவர்' ஆகியிருக்கும், பெரியவர் பார்த்தது மே மாதத்தில். பாலிசியோடு விண்ணப்பத்தின் நகலும் இருக்கும். முதலில் பார்க்கவேண்டியது அதில் இருக்கும் மெயிலும் போன் நம்பரும் உங்களுடையவைதானா என்பதை. ஆண்டு வருமானம் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 30,000 பென்ஷன்காரரின் வருமானம் அங்கே 12 லட்சமாக வளர்ந்திருந்தால் அதுவே ஒரு சாட்சியம்.

கடிதம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டுக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். பேங்க் ரேட் 5.5 என்றால் வட்டி 7.5 சதவீதம். நம் பெரியவரின் 97,220-க்கு அது நாளைக்கு 20 ரூபாய். நிறுவனத்தைப் பயமுறுத்தும் தொகை இல்லைதான், ஆனாலும் கேட்டு வாங்குங்கள்.

பணம் வரவில்லை அல்லது குறைவாக வந்தது என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். கூடவே ஆணையத்தின் 'பீமா பரோசா' தளமான bimabharosa.irdai.gov.in-இல் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். இங்கே பதிந்த புகாருக்கு ஒரு எண் கிடைக்கும். அந்த எண் வந்த பிறகு, அதுவரை லீவில் இருந்த மேனேஜர் போனில் பேசுவார். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ அடுத்த படி இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் அண்ணா சாலையில் தேனாம்பேட்டைப் பக்கம் ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கிண்டி வந்து மெட்ரோவுக்கு மாறினால் போதும். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது, 50 லட்சம் வரையிலான தகராறுகளை விசாரிக்கிறார்கள். நிறுவனம் மறுத்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் நீதிமன்றம் என்றால் தாம்பரம்வாசிகளுக்கு அது செங்கல்பட்டு, சென்னை இல்லை. தாம்பரம் சென்னை மாவட்டத்தில் இல்லை என்பதை மறந்து சென்னைக்கு அலைபவர்கள் உண்டு.

முப்பது நாள் தாண்டிப்போனவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அவர்களுக்கும் ஓம்புட்ஸ்மேன் கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் அங்கே நிரூபிக்கவேண்டிய பொருள் மாறிவிடும். முப்பது நாளுக்குள் "வேண்டாம்" என்பதே போதும். அதற்குப் பிறகு "ஏமாற்றி விற்றார்கள்" என்று காட்ட வேண்டும். அறைக்குள் காபி குடித்துக்கொண்டே பேசியதற்குச் சாட்சி கிடையாது. எதிரே இருப்பது விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்தும், "எல்லாம் புரிந்ததா?" என்று போனில் கேட்டபோது "ஆமாம்" என்று சொன்ன பதிவும். அந்தப் போன் வரும்போது எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிடுங்கள் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவரின் குரல் அந்தப் பதிவில் இருக்காது.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு எச்சரிக்கை மட்டும். ஃப்ரீ லுக் முதல்முறை எடுக்கும் பாலிசிக்குத்தான், வருஷா வருஷம் புதுப்பிப்பதற்கு இல்லை. பழைய நிறுவனத்திலிருந்து போர்ட் செய்து புதிதாக எடுத்தவர்கள், புதியது பிடிக்கவில்லை என்று அவசரமாக ரத்து செய்தால் பழையது ஏற்கெனவே காலாவதியாகியிருக்கும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவருக்குக் காத்திருப்புக் காலத்தில் இத்தனை வருஷம் சேர்ந்த சலுகை அந்த இடைவெளியில் போய்விடக்கூடும். இன்னொரு பாலிசி கைக்கு வருமுன் ரத்துக் கடிதம் கொடுக்காதீர்கள்.

பணம் கணக்குக்கு வந்துவிட்டாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பாலிசி எடுத்தபோது அடுத்த வருஷப் பிரீமியம் தானாகப் போவதற்கு வங்கியில் ஆட்டோ டெபிட் மேண்டேட்டில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பாலிசி ரத்தானாலும் அந்த மேண்டேட் சில சமயம் உயிரோடு இருக்கும். நெட் பேங்கிங்கிலோ கிளையிலோ அதைத் தனியாக ரத்து செய்து, ரத்தானதற்கான குறுஞ்செய்தியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.